கழுத்துருவைச் சோதிக்கக் கேட்ட அதிகாரி

பத்துமலைப் படியில் நிற்கவைத்து, உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றிவைத்துக் கேட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். முன்பு நான் சொன்ன சில சங்கதிகளில் ஒன்றிரண்டு சொல் தடித்திருக்கலாம். ரவாங்கில் என் சைக்கிளை விழுங்கிய மலைப்பாம்பு, ஊர்ந்து போகும்போது மணியடித்துக்கொண்டே போனது என்றேனே, அதுகூட எத்தனை தடவை அடித்தது என்பதில் எனக்கே இப்போது சந்தேகம். ஆனால் இந்த விஷயத்தில் ஓர் எழுத்துக்கூட என் கைச்சரக்கு இல்லை. சத்தியம்.

நடந்தது 1986-ஆம் ஆண்டு. இடம், பிரிக்பீல்ட்ஸில் என் தங்கை விசாலத்தின் வீடு. அவள் மகள் உமையாளுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீடு கிள்ளான். விசாலத்தின் கணவர் நாராயணன் பத்திரிகை வைக்க ஈப்போவுக்கும் பினாங்குக்கும் போயிருந்தார். கல்யாணச் சேலைகளைத் தேவகோட்டையிலிருந்து அவருடைய அக்கா தெய்வானை ஆச்சி பார்சலில் அனுப்பியிருந்தார். அது இன்னும் வந்து சேரவில்லை.

பார்சல் வருகிற செய்தி மட்டும் வந்து சேர வேண்டிய எல்லோருக்கும் சேர்ந்திருந்தது. விசாலம் பாசாரில் மீன்காரனிடம் சொன்னாள். பூக்காரியிடம் சொன்னாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, தமிழ் தெரியாத ஒரு சீனப் பாட்டியிடமும் சொன்னாள். அந்தப் பாட்டி இறங்கும்போது, 'சேலை என்ன கலர்?' என்று சுத்தத் தமிழில் கேட்டாராம். இதை நான் நம்புகிறேன்.

அன்று மத்தியானம் நான் போனபோது, கூடத்தில் தொலைபேசியின் கைக்கருவி கீழே எடுத்து வைக்கப்பட்டுக் கிடந்தது. உள்ளே இரும்புப் பெட்டி திறந்திருந்தது. விசாலம் தரையில் உட்கார்ந்து டிபன் கேரியரின் அடித்தட்டில் கழுத்துருவை வைத்துக்கொண்டிருந்தாள்.

கழுத்துரு என்றால் எங்கள் செட்டியார் வீடுகளில் கல்யாணப் பெண் கழுத்தில் ஏறுகிற தங்கம். தாலியும் அதோடு கோத்த உருக்களுமாக மார்பை மறைக்கும். இந்தக் கழுத்துரு எங்கள் அம்மா கழுத்தில் ஏறியது, விசாலத்தின் கழுத்தில் ஏறியது, இனி உமையாள் கழுத்தில் ஏற வேண்டியது. பெட்டியை விட்டு அது சும்மா வெளியே வராது. அது சாம்பார்த் தட்டில் இருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பசித்தது.

"என்ன விசாலம், யாருக்குச் சாப்பாடு?"

அவள் வாயில் விரலை வைத்தாள். தொலைபேசியைக் காட்டினாள். பிறகு என்னை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போய் முணுமுணுத்தாள்.

"கஸ்டம்ஸ் ஆபீசர், அண்ணே. கிள்ளான் போர்ட்டுல இருந்து. நம்ம பார்சலைப் பிரிச்சுட்டாங்களாம். சேலை மடிப்புக்குள்ள தங்கக் கட்டி இருந்திச்சாம்."

"தெய்வானை ஆச்சியா வச்சாங்க? அவங்க கடுதாசிக்கே ஸ்டாம்ப் ஒட்ட யோசிப்பாங்களே."

"விளையாடாதீங்க அண்ணே! வீட்டுல இருக்கிற தங்கமும் கடத்துனதுதானான்னு பார்க்கணுமாம். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு கிள்ளான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல காப்பிக் கடைக்கு வரணுமாம். சாதா உடுப்புல ஆள் வருவாரு. இன்னைக்கே வரலைன்னா கல்யாண மண்டபத்துல வந்து உமையாளை அரெஸ்ட் பண்ணுவாங்களாம். யார்கிட்டயும் சொல்லக்கூடாது, போனையும் வைக்கக்கூடாது. நீங்க போயிடுங்க. நான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல."

உமையாள் கதவோரம் நின்றாள். முகம் வெளிறியிருந்தது. "அம்மான், நான் சொன்னா ஆத்தா கேட்க மாட்டேங்கறாங்க. கஸ்டம்ஸ்காரங்க காப்பிக் கடையிலயா ஆபீஸ் வச்சிருக்காங்க?"

"நீ வாயை மூடு. உன்னைத்தான் பிடிப்பாங்களாம்" என்றாள் விசாலம்.

ஒரு குரலைக் கேட்டால் அந்த ஆள் காலையில் என்ன பசியாறினான் என்று சொல்லிவிடுவேன். அம்பாங்கில் ஒருமுறை தொலைபேசியில் இருமிய ஒருவனுக்கு, நாசி லெமாக் சோற்றில் நெத்திலி கூடிப்போனதை இங்கிருந்தபடியே சொன்னவன் நான். நேராகக் கூடத்துக்குப் போய்க் கைக்கருவியை எடுத்தேன்.

"ஹலோ. நான் அந்தம்மாவோட அண்ணன் காசிவிஸ்வநாதன் பேசறேன்."

எதிர்முனையில் கனத்த தமிழ்க் குரல். ரொட்டி சானாய், மீன் குழம்பு. "யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னேன் லா. இது கவர்மெண்டு கேஸ்."

"நான் யார்கிட்டயும் சொல்லல சார். பார்சல் எங்க பினாங்கு சித்தப்பா அனுப்பினதுதானே?"

"ஆமா. பினாங்குதான். எல்லாம் ரிப்போர்ட்டுல இருக்கு."

பினாங்கில் எங்களுக்குச் சித்தப்பாவே கிடையாது. பினாங்கிலிருந்து வருகிற பொட்டலத்துக்குக் கிள்ளானில் சுங்கச் சோதனையும் கிடையாது. கைக்கருவியின் வாயைப் பொத்திக்கொண்டு இதை விசாலத்திடம் சொன்னேன். அவள் அசையவில்லை. "நீங்க அப்படிக் கேட்டதால அவரு ஆமான்னுட்டாரு. பெரிய ஆபீசர், எத்தனை பார்சலைப் பார்ப்பாரு!"

சரி என்று அடுத்ததைக் கேட்டேன். "பார்சல் யார் பேருக்கு வந்திருக்கு சார்?"

"சோமசுந்தரம்."

எனக்கு உள்ளுக்குள் மத்தாப்பு. சோமசுந்தரம் செட்டியார் விசாலத்தின் மாமனார். காலமாகி வெகு காலம் ஆயிற்று. தொலைபேசிப் புத்தகத்தில் மட்டும் இந்த எண் இன்னும் அவர் பெயரில் இருந்தது. புத்தகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறான் என்று வேறு எந்த வீடாக இருந்தாலும் அந்த இடத்திலேயே முடிவு கட்டியிருப்பார்கள். இது எங்கள் வீடு. காதை ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்த விசாலத்தின் முகம் பிரகாசமாகிவிட்டது.

"பாத்தீங்களா! நம்ம ஆளுங்க விலாசத்துல பெரியவங்க பேரைத்தானே முதல்ல போடுவாங்க? தெய்வானை ஆச்சி தன்னைப் பெத்த அப்பச்சி பேரைப் போடாம எழுதுவாங்களா? வெளியாளுக்கு இது தெரியுமா?"

அவள் சொன்னதும் நியாயம்தான். எங்களில் ஒருவர் செத்தாலும் விலாசத்தை விட்டுப் போவதில்லை. திருடன் செய்த தப்பையே எங்கள் வழக்கம் சரியாக்கிக் கொடுத்துவிட்டது.

அந்தக் குரலுக்கும் தைரியம் கூடியது. "அங்கிள், நம்பிக்கை இல்லன்னா போனை வச்சிட்டு பிரிக்பீல்ட்ஸ் போலீஸ் ஸ்டேஷனுக்கு நீங்களே அடிங்க. நம்பர்கூட நான் குடுக்க மாட்டேன். டெலிபோன் புக்கைப் பார்த்து அடிங்க. இன்ஸ்பெக்டரைக் கேளுங்க. இப்பவே அடிங்க."

"திருடன் போலீசுக்குப் போன் பண்ணுன்னு சொல்லுவானா, அண்ணே?" என்றாள் விசாலம்.

கைக்கருவியை வைத்தேன். எடுத்தேன். டயல் சத்தம் கேட்டது. உமையாள் புத்தகத்தில் எண்ணைப் பார்த்துச் சொல்லச் சொல்லச் சுழற்றினேன். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"பாலாய் போலிஸ் பிரிக்பீல்ட்ஸ், சலாமத் பெத்தாங்."

மலாயில் போலீஸ் நிலையம் என்று சொல்லி வணக்கமும் வைத்தார்கள். பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். தமிழர். சோமசுந்தரம் பார்சல் கேஸ் நிஜம் என்றார். கஸ்டம்ஸ் சொல்கிறபடி உடனே செய்யுங்கள், தாமதித்தால் நான் பொறுப்பில்லை என்றார். வைத்துவிட்டேன்.

விசாலம் டிபன் கேரியரின் மேல்தட்டில் தயிர்சாதத்தை வைத்து மூடினாள். உமையாளின் கண்ணில் நீர் கட்டியது. "ஆத்தா, அது இல்லாம எனக்குக் கல்யாணமே வேணாம்" என்றாள். எனக்கும் வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் சொல்வதை நானே நம்பாத ஒரு நிலைமை.

நிஜமாக இருந்தாலும் வழி தெரிந்தவனைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. கிள்ளானில் அப்துல் ஜலீல் என்று என் சிநேகிதன், துணிக் கடைக்காரன். சரக்கெல்லாம் கப்பலில் வரும். சுங்க இலாகாவின் வாசற்படி அவனுக்குத் தன் கடை வாசற்படி மாதிரி. அவன் கடை எண் எனக்கு மனப்பாடம். சுழற்றினேன்.

மணி அடித்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது அடியின் நடுவில் மணி இருமியது.

எடுத்தார்கள். "பாலாய் போலிஸ் பிரிக்பீல்ட்ஸ், சலாமத் பெத்தாங்."

ஜலீல் பல தொழில் செய்தவன்தான். ஆனால் கைலிக் கடையைப் போலீஸ் நிலையமாக மாற்றினால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பான்.

"மாஃப், ராங் நம்பர்" என்று பவ்வியமாகச் சொல்லி வைத்தேன். அப்புறம்தான் விசாலத்தையும் உமையாளையும் அடுக்களைக்குக் கூப்பிட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். அந்தக் காலத்து லைனில், கூப்பிட்டவன் தன் போனை வைத்தால்தான் தொடர்பு அறும். நாம் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தால் அதே லைனில் அவன்தான் காத்திருப்பான். இன்னொரு போனின் டயல் சத்தத்தை அதில் வைத்துக் காட்டுவான். நாம் எந்த எண்ணைச் சுழற்றினாலும் அவன்தான் எடுப்பான். போலீஸும் அவனே, இன்ஸ்பெக்டரும் அவன் கூட்டாளியே, மணியும் அவனே. மணிக்குத்தான் பாவம், சளி.

விசாலம் சுவரில் சாய்ந்தாள். பிறகு டிபன் கேரியரைத் திறந்து, தயிர்சாதத்தை எடுத்து வைத்துவிட்டு, கழுத்துருவை எடுத்து முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "படுபாவி, எம் மாமனார் பேரைச் சொல்லிட்டானே" என்றாள். அவள் கோபம் எல்லாம் அதில்தான்.

"அம்மான், பக்கத்துக் காப்பிக் கடையில காசு போன் இருக்கு. அது வேற லைன்தானே?" என்றாள் உமையாள்.

"வேற லைன். நான் போறேன். விசாலம், போனை எடுத்து அவனைக் கூப்பிடு, வைக்காமப் பாத்துக்க. பேசிக்கிட்டே இரு."

"என்னத்தைப் பேசறது?"

"வீட்டுல என்ன இருக்கோ அதைச் சொல்லு. சோதிக்கத்தானே கேட்டான்?"

காப்பிக் கடையிலிருந்து முதலில் போலீஸ் நிலையத்துக்கு அடித்தேன். இந்தத் தடவை மணி இருமவில்லை. வெகு நேரம் யாரும் எடுக்கவும் இல்லை. நிஜமான நிலையம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. சார்ஜன் பக்கிரிசாமி என்று ஒருவர் பேசினார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவசரப்படுத்தவில்லை, அதட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவன் இன்னும் லைன்ல இருக்கானா?"

"இருக்கான் சார். என் தங்கச்சி பேசிக்கிட்டிருக்கு."

"விடாதீங்க. அவன் பிடிச்சிருக்கிற வரைக்கும் எக்ஸ்சேஞ்சுல தேடிப் பிடிக்கலாம். வச்சிட்டான்னா போச்சு."

கூப்பிட்டவன் விடாமல் பிடித்திருந்தால், தொடர்பு எங்கிருந்து வருகிறது என்று எக்ஸ்சேஞ்சில் ஆட்கள் அலமாரி அலமாரியாக நடந்து கம்பியைத் தொடர்ந்து போய்க் கண்டுபிடித்துவிடுவார்களாம். எங்களைக் கட்டிப்போடப் பிடித்த லைனில் அவனே கட்டுண்டிருந்தான். நேரம்தான் வேண்டும்.

அடுத்து ஜலீலுக்கு அடித்தேன்.

"காசி அண்ணே, உங்களுக்கு மூளை இருக்கா?" என்றான். "மாசா மாசம் எனக்குச் சரக்கு வருது. எந்த ஆபீசராச்சும் வீட்டு நகையை எடுத்துக்கிட்டு காப்பிக் கடைக்கு வான்னு சொல்லியிருக்கானா? தபால் பார்சல்னா போஸ்ட் ஆபீசுல இருந்து உங்களுக்குச் சீட்டு வரும். ஐசி அடையாளக் கார்டோட நீங்க கவுண்டருக்குப் போவீங்க. உங்க முன்னாலதான் பிரிப்பாங்க. வரி இருந்தா அங்கேயே கட்டுவீங்க, கவர்மெண்டு ரசீது குடுப்பாங்க. யாரை வேணா கூட்டிட்டுப் போலாம், யார்கிட்ட வேணா சொல்லலாம். எவன் சொல்லாதேன்னு சொல்றானோ அவன் கஸ்டம்ஸ் இல்ல."

"நான் முதல்லயே கண்டுபிடிச்சிட்டேன்டா. உனக்குத் தெரியுமான்னு பாத்தேன்."

"அது சரி. வடைக்கு யார் காசு குடுக்கறது, அங்க சாப்பிடறீங்களே, மெல்லற சத்தம் கேக்குது?"

ஜலீலும் குரல் பார்ப்பான்.

நான் திரும்பியபோது விசாலம் நாற்காலியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சீர் சாமான்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் சமூகத்தில் பெண்ணுக்கு வைக்கிற சீரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெண் பிறந்த அன்று வாங்கத் தொடங்குவோம், கல்யாணத்தன்றுகூட முடிக்க மாட்டோம்.

"வெள்ளிக் குடம் எழுதிட்டீங்களா? சின்னது வேற, பெருசு வேற சார். அப்புறம் பித்தளை அண்டா. எவர்சில்வர் அண்டா. அண்டாவுக்கு மூடி. மூடியைத் தனியா எழுதுங்க."

எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது. "அம்மா, தங்கம் மட்டும் சொன்னாப் போதும்மா."

"அதெப்படி சார், கவர்மெண்டுகிட்ட பாதி சொல்லிப் பாதியை மறைக்கிறதா? நாளைக்கு என் பொண்ணைப் பிடிச்சா? மங்குச் சட்டி. பச்சைக் கரை போட்டது. தங்கம் கடைசியில வருது, பொறுங்க. தடுக்கு. தடுக்குத் தெரியாதா? ஓலையில பின்னினது, உட்காரப் போடறது. தமிழ்தானே நீங்க? உங்க வீட்டுல யாருக்கும் கல்யாணம் ஆகலையா?"

"ஆயிடுச்சும்மா" என்று அவன் பரிதாபமாகச் சொன்னான்.

"சீர் என்ன வச்சாங்க?"

அவன் சொல்லத் தொடங்கினான். விசாலம் நடுவில் நிறுத்தினாள். "அவ்வளவுதானா? சரி விடுங்க. கொட்டான். எழுதுங்க. ஓலையில முடைஞ்ச கூடை. சிவப்புக் கொட்டான், பச்சைக் கொட்டான்."

அவனால் வைக்கவும் முடியவில்லை. வைத்தால் அவள் வேறு யாரையாவது கூப்பிட்டுவிடுவாள். தங்கமோ கடைசியில் வருகிறது. உமையாள் சிரிப்பை அடக்க முடியாமல் பின்கட்டுக்கு ஓடினாள். நாங்கள் மாற்றி மாற்றி விசாலத்துக்குத் தண்ணீர் கொடுத்தோம். அவளுடைய தொண்டை வறளவில்லை. என்னுடையதுதான் வறண்டது. பஞ்சலோகப் பல்லாங்குழிக்கு வந்தபோது, எதிர்முனையில் நாற்காலி விழும் சத்தம் கேட்டது. பல குரல்கள். பிறகு வேறு ஒரு குரல் போனில் வந்தது.

"போலீஸ் பேசறோம். ஆளைப் பிடிச்சாச்சு. நீங்க வைக்கலாம்மா."

"யாருய்யா நீ புதுசா?" என்று கேட்டாள் விசாலம். "பல்லாங்குழியை எழுதிட்டானா?"

கிள்ளானில் ஒரு மாடி அறையில் பிடித்தார்களாம். இரண்டு போன், மூன்று ஆள். மூன்றாமவனுக்குக் கடுமையான சளி. எழுதிக்கொண்டிருந்தவன் போலீஸைப் பார்த்ததும் எழுந்து ஓடவில்லை, இரண்டு கையையும் நீட்டினான் என்று சார்ஜன் பிறகு சொன்னார்.

அவர் சாயங்காலம் வாக்குமூலம் வாங்க வீட்டுக்கு வந்தார். நல்ல வெயில். இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்று, "சார்ஜன் பக்கிரிசாமிம்மா" என்று அதிகார அட்டையைக் காட்டினார்.

விசாலம் கேட்டைத் திறக்கவில்லை. அட்டையைக் கம்பி வழியாக நன்றாகப் பார்த்தாள். படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "மீசை படத்துல இல்லையே" என்றாள்.

"அப்புறம் வளத்ததும்மா."

"இருங்க." உமையாளைக் காப்பிக் கடைக்கு அனுப்பினாள். புத்தகத்தில் இருக்கும் எண்ணுக்கு அடித்து, பக்கிரிசாமி என்று ஒருவர் இருக்கிறாரா, இந்த வீட்டுக்கு அவரை அனுப்பினீர்களா, மீசை உண்டா என்று கேட்டுவரச் சொன்னாள்.

"அம்மா, கொஞ்சம் நிழல்ல நின்னுக்கலாமா?"

"தாராளமா நில்லுங்க சார். கேட்டுக்கு அந்தப் பக்கம்."

மனிதர் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு நின்றார். அவர் அப்படிப் பொறுமையாக நின்றதைப் பார்த்தே நான் நிஜமான போலீஸ் என்று சொல்லிவிட்டேன். என் பேச்சை யார் கேட்டார்கள்? உமையாள் வந்து மூன்றுக்கும் 'ஆமாம்' என்று சொன்ன பிறகுதான் பூட்டுத் திறந்தது. அப்புறம் அவருக்குக் கிடைத்த பணியாரத்தைப் பார்க்கையில், நானும் வெயிலில் நின்றிருக்கலாம் என்று தோன்றியது.

அடுத்த வாரம் தபாலில் சீட்டு வந்தது. விசாலத்தின் பெயருக்குத்தான் வந்தது. விசாலத்தின் மாமனார் பெயரைத் தெய்வானை ஆச்சி போடவே இல்லை. தபால் கவுண்டரில் எங்கள் கண் முன்னால் பிரித்தார்கள். சேலைகள் இருந்தன. சேலை மடிப்பில் வேப்பிலை இருந்தது. வரி கட்டினோம், ரசீது வாங்கினோம். அந்த ரசீதைக்கூட விசாலம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். கல்யாணத்தன்று கழுத்துரு உமையாள் கழுத்தில் ஏறியது. முதல் வரிசையில் சார்ஜனும் ஜலீலும் உட்கார்ந்திருந்தார்கள். உமையாள் குனிந்த தலை நிமிரவில்லை. நாணம் என்று எல்லோரும் சொன்னார்கள். தங்கத்தின் கனம்.

அந்தப் போன் இன்றும் விசாலம் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது. போகிறவர்கள் பார்க்கலாம்.

அந்த வீட்டுக்குத் தொலைபேசி இணைப்பு முதன்முதலாகக் கிடைத்தது 1991-ஆம் ஆண்டுதான்.